‘Please wait’ எண்டு சொன்னா காத்திருக்க வேண்டாம்

பெரியம்மாவின்ர கனடா விசாவுக்காக நாங்கள் மூன்று பேர் ஒருநாள் பின்னேரம் ஒரு லப்டொப்புக்கு முன்னால் முக்கால் மணித்தியாலம் சும்மா இருந்திருக்கிறோம். ஸ்காபரோவில் இருக்கிற அக்காவுக்குப் பிள்ளை பிறக்க இரண்டரை மாதம் இருந்தது. பெரியம்மா போய் நிற்கவேணும். அக்கா அழைப்புக் கடிதம், வங்கிக் கடிதம் எல்லாம் அனுப்பியாச்சு. மிச்சம் ஒரேயொரு படிவம்: IMM 5257. விசிட்டர் விசாவுக்கான விண்ணப்பம். அதைத் தரவிறக்கித் திறந்தால் குரோமில் வந்தது இதுதான்:

```
Please wait...

If this message is not eventually replaced with the
proper contents of the document, your PDF viewer may
not be able to display this type of document.
```

முதல் வரி பெரிய எழுத்தில் நிற்கும். கீழே உள்ளது சின்ன எழுத்து. நாங்கள் முதல் வரியை மட்டும் வாசித்தோம். எங்கட ஊரில் இணையம் மெதுவெண்டது தெரிந்த விசயம்தானே, அதனால் காத்திருந்தோம். பிறகு போனில் டேட்டா போட்டுப் பார்த்தோம். பிறகு பக்கத்து வீட்டு வைஃபை. அடுத்தநாள் பெரியம்மா தானே சந்திக் கடைக்குப் போயிருக்கிறா. கடைப் பெடியன் திறந்து பார்த்துப்போட்டு, "அன்ரி, பைல் பழுது. அவையளிட்ட வேற பைல் அனுப்பச் சொல்லுங்கோ" எண்டு சொல்லியிருக்கிறான். அக்கா வேற பைல் அனுப்பினா. அதுவும் Please wait. அக்கா தன்ர ஐபோனில் திறந்தாலும் அதே Please wait. இப்படியே நாலு நாள் போயிற்று.

பைல் பழுதில்லை. இணையம் மெதுவுமில்லை. அந்தக் கோப்புக்குள் எதுவும் ஏறிக்கொண்டிருக்கவும் இல்லை. எத்தனை வருசம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கம் மாறாது, ஏனெண்டால் "Please wait" என்பதுதான் அந்தக் கோப்பில் உண்மையாக இருக்கிற ஒரே பக்கம். இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஒரு இரவு பிடித்தது. விளங்கினபிறகு படிவத்தை நிரப்ப ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை.

சாதாரண பிடிஎஃப் ஒன்று அச்சடித்த தாள் மாதிரி. இந்த எழுத்து இந்த இடத்தில், இந்தக் கோடு இங்கேயிருந்து அங்கே எண்டு பக்கம் முழுக்க முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். திறக்கிற மென்பொருள் அதை அப்படியே வரைந்தால் போதும். குரோமும் போனும் மக்கும் அதைத்தான் செய்கின்றன. நிரப்பக்கூடிய பிடிஎஃப்களிலும் பெரும்பாலானவை இந்த வகைதான். தாள் ஏற்கெனவே இருக்கும், அதற்கு மேலே எழுதுகிற பெட்டிகளை ஒட்டியிருப்பார்கள்.

எக்ஸ்எஃப்ஏ படிவம் வேற சாதி. அதற்குள் தாள் இல்லை. தாளை எப்படிச் செய்வது என்ற குறிப்பு மட்டும்தான் எக்ஸ்எம்எல் மொழியில் இருக்கும். இங்கே ஒரு பெட்டி, அதில் திகதி மட்டும்தான் வரலாம், "ஓம்" எண்டு தெரிந்தால் கீழே இன்னும் நாலு வரி விரியவேணும், எல்லாம் நிரப்பி முடிய ஒரு பார்கோட் உண்டாகவேணும் என்ற மாதிரியான கட்டளைகள். திறக்கிற மென்பொருள் அந்தக் குறிப்பை வாசித்து, அந்த நேரமே பக்கங்களைக் கட்டவேணும். பதில்கள் கூடினால் பக்கமும் கூடும். ஆனால் பிடிஎஃப் கோப்பு எண்டால் குறைந்தது ஒரு பக்கமாவது வேணும். அதுக்காக, படிவம் செய்கிற மென்பொருள் ஒப்புக்கு ஒரு பக்கத்தை உள்ளே வைத்துவிடும். அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதுதான் Please wait. எக்ஸ்எஃப்ஏ தெரிந்த மென்பொருள் அந்தப் பக்கத்தைத் தூக்கி எறிந்துபோட்டு உண்மையான படிவத்தைக் கட்டும். தெரியாத மென்பொருள், கையில் இருக்கிற ஒரே பக்கத்தை எங்களுக்குக் காட்டும். அதில் அதற்குப் பிழையே தெரியாது. சரியாகத் திறந்துவிட்டேன் என்றுதான் அது நினைக்கும்.

எங்களில் ஒருவர் லினக்ஸ் பாவிக்கிறவர். அவர் இரண்டு கட்டளை போட்டுக் காட்டினபிறகுதான் மற்ற இரண்டு பேரும் நம்பினோம்:

```
pdfinfo IMM5257.pdf
pdftotext IMM5257.pdf -
```

முதலாவது கட்டளை தருகிற பட்டியலில் `Form: XFA` என்று ஒரு வரியும் `Pages: 1` என்று ஒரு வரியும் இருக்கும். பல பக்கப் படிவம், ஆனால் கணக்கில் ஒரே பக்கம். இரண்டாவது கட்டளை கோப்பில் உள்ள எழுத்தை எல்லாம் வெளியே எடுக்கும். வெளியே வந்தது அந்த Please wait பந்தி மட்டும்தான். பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் என்று ஒரு சொல்லும் இல்லை. சாதாரணமாக நிரப்பக்கூடிய பிடிஎஃப் என்றால் அந்த வரியில் `Form: AcroForm` என்று வரும். அதை எங்கேயும் திறக்கலாம்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். எக்ஸ்எஃப்ஏயிலும் இரண்டு வகை உண்டு. சிலதில் குறிப்போடு சேர்த்து அச்சடித்த தாளும் இருக்கும். அது குரோமிலும் திறக்கும். அதை நிலையான வகை என்பார்கள். Please wait காட்டுகிறது தாளே இல்லாத, விரிந்து சுருங்குகிற வகை. `Form: XFA` என்று கண்டவுடனே பயப்பிடத் தேவையில்லை, பக்க எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கோ.

ஏன் இப்படி ஒரு சாமானைச் செய்தார்கள் என்று எங்களுக்குக் கோபம் வந்தது உண்மை. தேடிப் பார்த்தால் கதை கனடாவிலேயே போய் முடிகிறது. எக்ஸ்எஃப்ஏயைத் தொடக்கியது ஒட்டாவாவில் இருந்த ஜெற்ஃபோம் என்ற நிறுவனம். 1999இல் அதை இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியிடம் சமர்ப்பித்தார்கள். பிறகு ஜெற்ஃபோம், அக்செலியோ என்று பெயரை மாற்றியது. 2002இல் அதை அடோபி வாங்கியது. அடுத்த வருசம் பிடிஎஃப்பின் 1.5 பதிப்போடு எக்ஸ்எஃப்ஏ உள்ளே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் இது நல்ல யோசனைதான். விண்ணப்பிக்கிறவர் பிழை விட்டால் படிவமே பிழையைக் காட்டும். அலுவலகத்தில் ஆரும் திருப்பித் தட்டச்சுச் செய்யத் தேவையில்லை, பார்கோட்டை வாசித்தால் எல்லாத் தரவும் கணினிக்குள் போய்விடும். அரசாங்கங்களும் வங்கிகளும் விரும்பி எடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்த நாட்களில் பிறவுசருக்குள்ளும் இது திறந்தது. ஏனெண்டால் பிறவுசர் தானாகப் பிடிஎஃப் காட்டவில்லை, அடோபியின் செருகியைக் கூப்பிட்டுக் காட்டியது. அப்படியான பழைய செருகிகளைக் குரோம் 2015இலும் பயர்பொக்ஸ் 2017இலும் நிறுத்திவிட்டன. பாதுகாப்புக்காகச் செய்த வேலை, அதில் குறை சொல்ல ஏலாது. ஆனால் அதோடு பிறவுசர்கள் தங்கட சொந்தப் பிடிஎஃப் காட்டியை மட்டும் பாவிக்கத் தொடங்க, எக்ஸ்எஃப்ஏ வெளியே நின்றுவிட்டது. 2017இல் வந்த பிடிஎஃப் 2.0 தரத்தில் எக்ஸ்எஃப்ஏ கைவிடப்பட வேண்டியது என்றே எழுதிவிட்டார்கள். தரம் கைவிட்டாலும் படிவங்கள் கைவிடவில்லை. "முன்னம் பிறவுசரிலயே நிரப்பினனான்" என்று ஆராவது மாமா சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

சரி, இனி நிரப்புகிற கதை.

நேரான வழி ஒன்றுதான்: வின்டோஸ் அல்லது மக் கணினியில் அடோபி அக்ரோபற் ரீடர். இலவசம். கணினிக்குரிய ரீடர்தான் வேணும். போனுக்கு வருகிற அடோபி ரீடர் அதே பெயரில், அதே சிவப்பு அடையாளத்தோடு இருந்தாலும் இந்தப் படிவத்தைத் திறக்காது. இதில் நாங்கள் அரை நாள் விட்டோம். ரீடரை நிறுவும்போது கூடவே வேறு மென்பொருளும் போடட்டுமா எண்டு சின்னப் பெட்டிகளில் சரி அடையாளம் போட்டு வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு நிறுவுங்கோ.

ரீடர் போட்டபிறகும் Please wait வந்தது. அப்பதான் எங்களுக்கு உண்மையாகவே வெறுத்தது. காரணம் என்னவெண்டால், இணைப்பை அழுத்தின உடனே குரோம் அதைத் தன்னுக்குள்ளேயே திறக்கிறது. ரீடர் நிறுவியிருப்பது குரோமுக்குத் தெரியவும் தெரியாது, அக்கறையும் இல்லை. ஆகவே இணைப்பில் வலது பக்க மவுஸை அழுத்தி `Save link as` கொடுத்து டெஸ்க்டொப்பில் சேமிக்கவேணும். சேமித்ததை இரண்டு முறை தட்டித் திறந்தாலும் வின்டோஸ் அதைத் தன்ர எட்ஜ் பிறவுசரில் திறந்துவிடலாம். அதனால் முதலில் ரீடரைத் திறந்து, அதற்குள் `File`, பிறகு `Open` போய், அந்தக் கோப்பைக் காட்டுங்கோ. Please wait ஒரு கணம் மின்னி மறையும். அதுதான் அந்தப் பக்கத்தின் உண்மையான வேலை. பிறகு படிவம் வரும். பெரியம்மா அப்ப பக்கத்தில்தான் இருந்தா. "இவ்வளவு நாளும் இது உதுக்குள்ளயோ கிடந்தது?" எண்டா.

மேலே மஞ்சள் பட்டை ஒன்று வந்து `Enable All Features` என்று கேட்டால் அழுத்துங்கோ. இல்லாவிட்டால் படிவம் தெரியும், எழுத விடாது. அரசாங்கத் தளத்திலிருந்து நீங்களே எடுத்த கோப்பெண்டால் மட்டும் இதைச் செய்யுங்கோ. ஆரோ அனுப்பின கோப்புக்குச் செய்யாதேங்கோ.

IMM 5257இன் முதல் பக்கத்தில் `Validate` என்று ஒரு பட்டன் இருக்கும். எல்லாத்தையும் நிரப்பினபிறகு அதை அழுத்தினால், விடுபட்ட பெட்டிகள் சிவப்புக் கோட்டோடு நிற்கும். பெரியம்மாவின்ர படிவத்தில் முதல் தடவை ஐந்தாறு சிவப்பு. அவ வேலை செய்யாதவ, அதனால் வேலை விபரப் பகுதியை நாங்கள் வெறுமையாக விட்டிருந்தோம். அதற்கும் ஒரு பதில் வேணும். ஒவ்வொன்றாகச் சரிசெய்து திருப்பி அழுத்த, சிவப்பெல்லாம் போய், கடைசியில் பார்கோட் உள்ள பக்கம் ஒன்று புதிதாக முளைத்தது. அந்தப் பக்கம் வந்தால்தான் படிவம் முடிந்தது என்று அர்த்தம். பட்டனை அழுத்தி ஒன்றுமே நடக்காவிட்டால் ரீடரின் `Preferences`க்குள் `JavaScript` பகுதியில் `Enable Acrobat JavaScript` சரி போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. அந்தச் சோதனையையும் பார்கோட்டையும் செய்கிறது படிவத்துக்குள் இருக்கிற சின்ன நிரல்கள். அவை ஓடாவிட்டால் பட்டன் வெறும் படம்.

இதே காரணத்தால்தான் பயர்பொக்ஸைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்லவேணும். பயர்பொக்ஸ் 93ஆவது பதிப்பிலிருந்து, அதாவது 2021 ஒக்டோபரிலிருந்து, எக்ஸ்எஃப்ஏ படிவங்களைக் காட்டுகிறது. இது நல்ல செய்தி. லினக்ஸ்காரருக்கு ஏறக்குறைய இருக்கிற ஒரே இலவச வழி இது. லினக்ஸுக்கு அடோபி ரீடர் 9ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பயர்பொக்ஸில் IMM 5257 திறந்தது, பெட்டிகளில் எழுதவும் விட்டது. எங்கட லினக்ஸ்காரர் வெற்றிச் சிரிப்போடு முழுப் படிவத்தையும் அதில் நிரப்பினார். கடைசியில் `Validate` அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பயர்பொக்ஸ் குறிப்பை வாசித்துத் தாளைக் கட்டும், ஆனால் அந்தக் குறிப்புக்குள் இருக்கிற நிரல்களை ஓட்டாது. ஆகவே சோதனை இல்லை, பார்கோட் இல்லை, "ஓம்" எண்டு தெரிந்தால் விரியவேண்டிய வரிகள் விரியாது. பார்க்க முழுப் படிவம் மாதிரி இருக்கும், அலுவலகத்துக்குத் தேவையானது அதில் இருக்காது. ஒன்றுமே காட்டாத குரோமைவிட இது ஆபத்து, ஏனெண்டால் முடிந்துவிட்டது என்று நினைத்து அனுப்பிவிடுவோம்.

அதுக்காகப் பயர்பொக்ஸ் பயனில்லை எண்டு இல்லை. வெறும் படிவத்தை அதில் திறந்து அச்சடித்து, பெரியம்மாவோடு விறாந்தையில் இருந்து பென்சிலால் நிரப்பியிருந்தால் எவ்வளவோ சுகம். ஆவணங்களைத் தேடுகிறது, பழைய விலாசங்களை ஞாபகப்படுத்துகிறது எல்லாம் கணினிக்கு முன்னால் செய்கிற வேலை இல்லை. கடையில் மணித்தியாலக் கணக்குக்குக் காசு கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பார்கோட்டோ சோதனையோ கேட்காத, அச்சடித்துக் கையெழுத்து வைத்துக் கொடுக்கிற எளிய எக்ஸ்எஃப்ஏ படிவம் எண்டால் பயர்பொக்ஸிலேயே நிரப்பி அச்சடிக்கலாம். அப்படியான படிவங்களும் நிறைய உண்டு. பட்டன் இருக்கோ, அது செய்யவேண்டியதைச் செய்யுதோ எண்டு பாருங்கோ. அதுதான் அளவுகோல். பயர்பொக்ஸிலும் Please wait வந்தால் `about:config` போய் `pdfjs.enableXfa` என்பது `true` ஆக இருக்கோ எண்டு பார்க்கலாம்.

நாங்கள் விட்ட பெரிய பிழை வேற. கோப்புக்குள் என்ன இருக்கெண்டு பார்க்கிற ஆசையில் லினக்ஸ்காரர் அதை இப்படி விரித்தார்:

```
qpdf --qdf --decrypt IMM5257.pdf parkka.pdf
```

விரித்ததை எழுத்துக் கோப்பாகத் திறந்தால் `/NeedsRendering true` என்ற வரி தெரியும். "இந்தப் பக்கத்தை நம்பாதே, நீயே கட்டு" என்று மென்பொருளுக்குச் சொல்கிற வரி அது. பார்க்கச் சந்தோசமாக இருந்தது. ஆனால் பென்டிரைவில் அந்த parkka.pdfதான் வின்டோஸ் கணினிக்குப் போனது. நல்ல கோப்பு வீட்டில் கிடந்தது. ரீடரில் திறந்தால் ஒரு பெட்டி குதித்தது: `The document has been changed since it was created and use of extended features is no longer available.`

இதன் கருத்து இதுதான். இலவச ரீடரில் இப்படியான படிவத்தை நிரப்பிச் சேமிப்பதற்கு, படிவத்தைச் செய்தவர்கள் கோப்புக்குள் ஒரு விசேட உரிமையைப் பூட்டி வைப்பார்கள். அது ஒரு மின்கையொப்பம் மாதிரி. கோப்பை வேறு மென்பொருள் திருத்தி எழுதினால் கையொப்பம் உடைந்துவிடும், ரீடர் அந்த உரிமையைத் தராது. நீங்கள் ஒன்றையும் மாற்றவில்லை, திறந்து திருப்பிச் சேமித்தீர்கள், அவ்வளவுதான் என்றாலும் உடையலாம். இந்தப் பெட்டியைக் கண்டால் சரிசெய்ய முயற்சிக்காதேங்கோ. சரிவராது. மூலத் தளத்துக்குப் போய்ப் புதுக் கோப்பை எடுங்கோ. எப்படியும் அதைத்தான் செய்யவேணும், ஏனெண்டால் ஆரோ போன வருசம் நிரப்பின கோப்பை வட்ஸ்அப்பில் வாங்கிப் பெயரை மாற்றுகிற பழக்கம் எங்கட ஆக்களிடம் இருக்கு. படிவத்தின் அடியில் இலக்கத்தோடு மாதமும் வருசமும் போட்டிருக்கும். அது தளத்தில் இப்ப இருக்கிற பதிப்போடு ஒத்துப்போகவேணும்.

இணையத்தில் பிடிஎஃப் மாற்றித் தருகிறோம் என்று நிறையத் தளங்கள் இருக்கு. ஒன்றில் போட்டுப் பார்த்தோம். அழகான, சாதாரண பிடிஎஃப் ஆகத் திரும்பி வந்தது, உள்ளே Please wait. வேறென்ன வரும்? அதுவும் அந்த ஒரே பக்கத்தைத்தானே பார்க்கும். அது வெறும் படிவமாக இருந்ததால் பரவாயில்லை. நிரப்பின படிவத்தை அப்படியான இடத்தில் போடாதேங்கோ. அம்மாவின்ர கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, விலாசம், குடும்ப விபரம் எல்லாத்தையும் முகம் தெரியாத ஒருத்தரிடம் கொடுக்கிறதுக்குச் சமன். இதேமாதிரி, எக்ஸ்எஃப்ஏ படிவத்தையும் வங்கிக் கடிதத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக ஒட்டினாலும் படிவம் இருக்கவேண்டிய இடத்தில் Please wait பக்கம்தான் ஒட்டுப்படும். நீங்கள் பதிவேற்றிவிட்டு நிம்மதியாக இருப்பியள், திறக்கிறவருக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கும்.

ஒரு வழியாக நண்பனின் அண்ணாவின் வின்டோஸ் லப்டொப்பில் படிவம் முடிந்து, பார்கோட்டும் வந்து, சேமித்து, அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். அனுப்ப முன் ஒருக்கால் அவ பார்க்கவேணும் என்று கேட்டிருந்தா. இரண்டு நிமிசத்தில் குரல் பதிவு வந்தது. "என்னடா, திருப்பியும் வெறும் பைலைத்தானே அனுப்பியிருக்கிறியள்." எங்களுக்கு நெஞ்சு திக்கெண்டது. பிறகுதான் விளங்கியது, நிரப்பினபிறகும் கோப்புக்குள் இருக்கிற தாள் அதே ஒன்றுதான். பதில்கள் எக்ஸ்எம்எல்லாகப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கும், தாளில் ஏறாது. அவவின்ர ஐபோனுக்கு வெறும் படிவமும் நிரப்பின படிவமும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இதற்கு வழி சுலபம். ரீடரில் நிரப்பின படிவத்தைத் திறந்துவைத்து, அச்சிடுகிற மாதிரி `Print` கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் `Microsoft Print to PDF` தெரிவுசெய்யவேணும். ரீடர் கட்டின பக்கங்கள் அப்படியே சாதாரண தாள்களாக இன்னொரு கோப்பில் இறங்கும். அதை எந்தப் போனிலும் வாசிக்கலாம். ஆனால் அது வாசிக்கிறதுக்கு மட்டும். தரவும் சோதனையும் மூலக் கோப்பில்தான் இருக்கு. விண்ணப்பத்தில் `Validate` செய்த கோப்பைக் கேட்டால் அந்த மூலக் கோப்பையே கொடுக்கவேணும். இரண்டும் மாறுப்படாமல் இருக்க நாங்கள் வாசிக்கிற பிரதிக்குப் பெயரிலேயே "vasikka" என்று போட்டோம். parkka.pdf கதைக்குப் பிறகு பெயர் விசயத்தில் கொஞ்சம் பயம்.

அக்கா அந்தப் பிரதியை வாசித்து இரண்டு பிழை கண்டுபிடித்தா. ஒன்று அவவின்ர தபால் குறியீட்டில் ஒரு எழுத்து. மற்றது பெரியம்மாவின் கடவுச்சீட்டு முடிகிற திகதி. நாளும் மாதமும் இடம் மாறி நின்றன. அது இரண்டுமே செல்லுபடியான திகதி என்பதால் `Validate` அதைப் பிடிக்கவில்லை. பெட்டி நிரம்பியிருக்கோ, வடிவம் சரியோ என்றுதான் அது பார்க்கும். கடவுச்சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதற்கு ஏலாது. திருத்தினோம். திருத்தினபிறகு திருப்பியும் `Validate`. பார்கோட்டுக்குள் இருப்பது கடைசியாகச் சோதித்த நேரத்துப் பதில்கள். மேலே ஒன்றும் பார்கோட்டில் இன்னொன்றுமாகப் போகக்கூடாது.

அடுத்தநாள் காலமை பதிவேற்றினோம். பெரியம்மா போன கிழமை இன்னொரு பெட்டைக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தா, "பிள்ளை, அது காத்திருக்கச் சொல்லும், நீ காத்திராத. கொம்பியூட்டர்ல சேமிச்சுப்போட்டு சிவப்பு ரீடருக்குள்ள போய்த் திற." போனில் வேண்டாம் எண்டதைச் சொல்ல மறந்துபோனா. நாங்கள் சேர்த்துவிட்டோம்.